சொல்லப்பட்டிருந்தது

வந்திருந்தவர்கள்: குருமூர்த்தி, லியோ பிரபு, சுகன்யா மேரி, கலைச்செல்வன்.

அறிக்கையின் முதல் வரி அது. எழுதியவன் கலைச்செல்வன். வந்திருந்தவர்களின் பெயரை மட்டும் மேலே போடலாம், அதற்குக் கீழே, கடைசியில் போடும் கையெழுத்தைத் தவிர, ஓர் இடத்திலும் ஆள் பெயர் வரக்கூடாது என்பது லியோ பிரபு கொண்டுவந்த சட்டம். லியோ வரதராஜன்பேட்டைக்காரன், பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதிவிட்டு வந்தவன். அங்கே ஏதாவது உடைந்தால் யார் உடைத்தது என்று கேட்க மாட்டார்களாம். எது உடைந்தது, உடையும் என்று ஏன் யாருக்கும் தெரியவில்லை, இரண்டும்தான் கேள்வி. ஆளைத் திட்டினால் அடுத்த முறை அவன் மறைப்பான், மறைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும். பழி சொல்லாத அறிக்கை என்று அதற்குப் பெயர். கேட்கும்போது எல்லோருக்கும் பிடித்திருந்தது. பழி சொல்லாத எதுவும் கேட்கும்போது பிடிக்கத்தான் செய்யும்.

அவர்கள் நாலு பேரும் பெரம்பலூரில், துறையூர் ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேலே உட்கார்ந்து பங்கு வாங்கி விற்றார்கள். கையால் அல்ல. லியோ எழுதிய புரோகிராம் வாங்கும், விற்கும். பணம் குருமூர்த்தியுடையது. அவர் சென்னையில் ஒரு புரோக்கர் கம்பெனியில் தலை நரைக்கும்வரை இருந்துவிட்டு ஊருக்கு வந்தவர். மற்ற மூவருக்கும் சம்பளம், லாபத்தில் கொஞ்சம் பங்கு.

அவர்களிடம் இருந்த ஒரே சரக்கு அரியலூர். அங்கே ஒரு சிமெண்ட் கம்பெனி. அதன் ஆலை கேட்டிலிருந்து ஒரு நாளில் எத்தனை லோடு லாரி வெளியே போகிறது என்று எண்ணினால், சரக்கு எப்படி நகர்கிறது என்பது கணக்கு வெளிவருவதற்கு முன்பே தெரிந்துவிடும். ஆலைக்குள் ஆளைப் பிடித்துக் கேட்டால் அது குற்றம். ரோட்டில் உட்கார்ந்து, எவனும் பார்க்கக்கூடியதை எண்ணினால் குற்றமில்லை. அப்படி ரோட்டில் உட்கார்ந்து எண்ணியவர் சாமிதுரை. கலைச்செல்வனின் தாய்மாமன். டிப்பர் ஓட்டியவர். சுகர் முற்றி வலது காலில் விரல்களை எடுத்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, ஆலை கேட்டுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன்தானே, எண்ணட்டும் என்று வேலையை வாங்கிக்கொடுத்தது கலைச்செல்வன். கம்பெனி ஒரு போனும் கொடுத்தது. மாசா மாசம் ஒரு தொகை போனது. மருந்துக் கடைக்கு அது போதும், அதற்கு மேல் ஒன்றுக்கும் போதாது. அதை விட்டால் அவருக்கு வேறு வரவு கிடையாது.

வந்திருந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரை யாரும் கூப்பிடவில்லை.

நடந்தது சிக்கலான விஷயம் அல்ல. சாயங்காலம் சாமிதுரை வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்புவார். சுகன்யா மேரி அதை ஷீட்டில் ஏற்றுவாள். மறுநாள் சந்தை திறக்கும்போது புரோகிராம் அந்த எண்ணை ஒரு மாதச் சராசரியோடு ஒப்பிடும். மேலே இருந்தால் அந்த சிமெண்ட் கம்பெனிப் பங்கைக் கொஞ்சம் வாங்கும், அடுத்த நாளும் மேலே இருந்தால் இன்னும் கொஞ்சம் வாங்கும். கீழே போனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒதுங்கும். எண் பழசாக இருந்தால் எதையும் தொடாது. அதற்கென்று லியோ ஒரு சோதனை வைத்திருந்தான். ஷீட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் இருக்கும், அந்த நேரம் ஒரு நாளைத் தாண்டியிருந்தால் புரோகிராம் கையைக் கட்டிக்கொள்ளும்.

பொங்கல் சமயத்தில் சாமிதுரை காய்ச்சலில் படுத்தபோது கட்டம் காலியாகவே கிடந்தது. புரோகிராம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்த நாட்களில் பங்கு ஏறியது. குருமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் எண் வராவிட்டால் உலகம் நின்றுவிடுமா, நேற்றைய எண்ணை இழுத்துப் போட்டுக்கொள்ளட்டுமே என்றார். லியோ எழுதிக்கொடுத்தான். கட்டம் காலியாக இருந்தால் முந்தைய நாள் எண் தானாக இறங்கும், பக்கத்தில் அன்றைய நேரமும் விழும். அந்த நேரம் ஷீட்டில் எழுதிய நேரம், லாரியை எண்ணிய நேரம் அல்ல. சோதனைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழைய மீனுக்கு இன்றைய தேதிச் சீட்டு ஒட்டியாகிவிட்டது. அன்றைக்கு அதை யாரும் யோசிக்கவில்லை.

பிறகு லாரி உரிமையாளர்கள் வாடகை உயர்வு கேட்டு வண்டியை நிறுத்தினார்கள். நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்து ஆலை அதற்கு முந்தைய நாள் அள்ளி அள்ளி அனுப்பியிருந்தது. அந்த மாதத்திலேயே பெரிய எண் அதுதான். மறுநாள் கேட்டில் ஈ காக்கை இல்லை. சாமிதுரை சாயங்காலம் அனுப்பினார்:

'இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க.'

ஒரு லாரிகூட இல்லை என்று அவர் சொன்னார். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சுகன்யா எடுத்துக்கொண்டாள். காய்ச்சலில் கிடந்தபோதும் அவர் அதே சொல்லைத்தான் அனுப்பியிருந்தார். பூஜ்யம் போட வேண்டிய கட்டத்தை அவள் காலியாக விட்டாள். முந்தைய நாளின் பெரிய எண் கீழே இறங்கியது. புரோகிராம் வாங்கியது. அடுத்த நாளும் ஒண்ணும் இல்லீங்க. புரோகிராம் மேலும் வாங்கியது. வேலைநிறுத்தம் முடிகிற வழியாக இல்லை, சரக்கு அனுப்புவது பாதித்திருக்கிறது என்று அந்த வாரமே கம்பெனி சந்தைக்கு அறிவித்தது. மறுநாள் பங்கு பள்ளத்தில்தான் திறந்தது. இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்று போட்டிருந்த ஆர்டர், அந்த விலையில் வாங்க ஆளே இல்லாததால், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டது. அந்த வருஷம் சம்பாதித்தது அன்று காலையிலேயே போயிற்று.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஒரு மணி நேர பஸ். வேலைநிறுத்தம் உள்ளூர்ப் பேப்பரில் வந்திருந்தது. கீழே உரக்கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த நாலு பேரும் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறிக்கை எழுதும் வேலை கலைச்செல்வனுக்கு வந்தது. தமிழில் எழுது என்றார் குருமூர்த்தி, என் தம்பியும் இதில் பணம் போட்டிருக்கிறான், அவனுக்கும் புரியட்டும் என்றார். பெயர் இல்லாமல் தமிழில் எழுதுவது அத்தனை கஷ்டமில்லை என்று எழுத உட்கார்ந்ததும் கலைச்செல்வனுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த செயப்பாட்டு வினை போதும். காலிக் கட்டத்தை நிரப்பும் வசதி கேட்கப்பட்டு, சேர்க்கப்பட்டது. செய்தி வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கட்டம் காலியாக விடப்பட்டது. 'பட்டது' என்று முடித்தால் போதும், செய்தவன் வரியைவிட்டு இறங்கிப் போய்விடுவான். ராத்திரி திருட வந்தவன்கூட அவ்வளவு சத்தமில்லாமல் இறங்க மாட்டான்.

ஒரு வரியில் மட்டும் அவன் கொஞ்சம் நின்றான். போன வருஷம் சாமிதுரை எண்ணோடு ஊர்க் கதையையும் அனுப்பிக்கொண்டிருந்தார். எவன் லாரி கவிழ்ந்தது, எந்தக் குவாரியில் தகராறு, எந்த டிரைவர் யாரைக் கூட்டிக்கொண்டு போனான் என்று நீள நீளமாகப் பேசி அனுப்புவார். இதையெல்லாம் கேட்டு எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது அண்ணா என்று சுகன்யா அலுத்துக்கொண்டாள். கலைச்செல்வன் மாமனுக்குப் போன் போட்டு, கதை வேணாம், எண் மட்டும் போதும் என்று சொன்னான். கொஞ்சம் கடுப்பாகவே சொன்னான். சொன்னதிலிருந்து அவர் கதையை நிறுத்திவிட்டார். இல்லாவிட்டால் லாரி சங்கத்தின் கூட்டத்தில் யார் யார் நாற்காலியைத் தூக்கி அடித்தார்கள் என்பதுவரை வந்திருக்கும்.

அதையும் அறிக்கையில் எழுதினான். 'எண் மட்டும் போதும், வேறு செய்தி தேவையில்லை என்று சொல்லப்பட்டிருந்தது.' எழுதிவிட்டு, ஒளிக்காமல் எழுதிவிட்டோம் என்று அவனுக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

கூட்டத்தில் குருமூர்த்தி அறிக்கையைக் கையில் பேனாவோடு படித்தார். லியோ திரையில் அதையே திறந்து வைத்திருந்தான். அவன் சோதனையைத் திருத்தி முடித்திருந்தான். இனிமேல் எண்ணிய நேரம் தனிக் கட்டம், காலியானால் காலிதான், எதுவும் இறங்காது. பூஜ்யம் வந்தால் புரோகிராம் விற்பதற்கு முன் ஒரு ஆளைக் கேட்கும். அதுவரை நல்ல வேலை.

குருமூர்த்தி இரண்டு இடத்தில் திருத்தினார். 'காலிக் கட்டத்தை நிரப்பும் வசதி கேட்கப்பட்டு, சேர்க்கப்பட்டது' என்பதில் 'கேட்கப்பட்டு' என்பதை அடித்தார். இரண்டாவது இடத்தில், 'செய்தி வேறுவிதமாகப் புரிந்துகொள்ளப்பட்டது' என்பதற்கு மேலே ஒரு வரி சேர்த்தார்: 'தகவல் மூலம் தெளிவற்ற செய்தியை அனுப்பியது.' பிறகு கடைசியில் இருந்த நடவடிக்கைகளில், லியோ செய்த மாற்றங்களுக்குக் கீழே, 'தகவல் மூலத்தை மாற்றுதல்' என்று எழுதினார். வேறு ஆளைப் பார்க்கிறேன், கேமரா வைக்கிற ஒரு பையன் இருக்கிறான் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

மூலம் என்றால் மாமா என்பது கலைச்செல்வனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆள் மேல் பழி போடக்கூடாது என்றுதானே பேச்சு என்று கேட்டான். ஆள் எங்கே இருக்கிறார் இதில் என்று குருமூர்த்தி திருப்பிக் கேட்டார். பெயர் இல்லை, அவர் இவர் என்றுகூட இல்லை, 'அனுப்பியது' என்று அஃறிணையில்தான் இருக்கிறது. சர்வர் சரியில்லை என்றால் சர்வரை மாற்ற மாட்டோமா.

"சார், மொத்த அறிக்கையிலயும் எல்லாமே 'பட்டது'ன்னு முடியுது. இந்த ஒரு வரிதான் 'அனுப்பியது'. செஞ்சது யாருன்னு இருக்குற வரி அது ஒண்ணுதான்."

சுகன்யா மேரி தலையைக் குனிந்துகொண்டாள். லியோ திரையைப் பார்த்தபடி, அந்த வரியையும் மாத்திடலாம் சார், முறை அதுதான் என்றான்.

குருமூர்த்தி கோபப்படவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"சரி தம்பி, நீ சொல்றது நியாயந்தான். ஒரு வரிக்கு மட்டும் ஆள் இருக்கக் கூடாது. எல்லா வரிக்கும் ஆளைப் போட்டுருவோம். நிரப்பச் சொன்னது நான், என் பேரைப் போடு. எழுதுனது லியோ, போடு. காலியா விட்டது இந்தப் பொண்ணு, போடு. இது யாரு?" அவர் விரலை வைத்த இடத்தில் 'சொல்லப்பட்டிருந்தது' என்று இருந்தது. "இதுக்கு யார் பேரைப் போடணும்?"

உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கிப் போட்டார்கள். தரை அதிர்ந்தது.

"என் தம்பி படிப்பான். யார் பேர் இருக்கோ அவங்களை எதுக்கு வச்சிருக்கேன்னு கேப்பான். என்னைக் கேக்க மாட்டான், அண்ணன்ங்குறதால. லியோவையும் கேக்க மாட்டான், அவன் இல்லாம புரோகிராம் ஓடாது. மீதி ரெண்டு பேரு. சொல்லு, பேர் போட்டே எழுதிடலாமா?"

சுகன்யாவின் அப்பா ஏலாக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளுக்கு இது போனால் இன்னொன்று வரும். கலைச்செல்வன் இதற்கு முன்பு ராத்திரி ஷிஃப்டில் ஒரு குடோனில் பார்கோடு அடித்துக்கொண்டிருந்தவன். அதற்குத் திரும்பிப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடிந்தது. வாசித்ததாக நாலு பேரும் அறிக்கையின் கீழே பெயர் போட வேண்டும். பெயர் வரலாம் என்று லியோ சட்டம் அனுமதித்த இன்னோர் இடம் அது. கலைச்செல்வன் போட்டான்.

போனை நீயே போய் வாங்கிட்டு வந்துடு, உங்க மாமாதானே என்றார் குருமூர்த்தி. அதைச் சொன்னபோது அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் கலைச்செல்வனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் அரியலூர் பஸ்ஸில் போனான். வழியெல்லாம் மக்காச்சோளம் காய்ந்து அறுப்புக்கு நின்றது. வேலைநிறுத்தம் முடிந்திருந்தது. எதிரே லாரிகள் வரிசையாக வந்தன. பழக்க தோஷத்தில் அவன் மனம் எண்ண ஆரம்பித்தது, அவன் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சாமிதுரையின் வீடு கல்லங்குறிச்சி ரோட்டில், ரெண்டே அறை, ஓட்டுக்கூரை. வாசல் வேப்பமரத்தில் சுண்ணாம்புத் தூசி படிந்து இலை வெள்ளையாக இருந்தது. பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தி அவன் பார்த்ததில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் அம்மா வரும்வரை அங்கேதான் கிடப்பான். ஜோதி அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மாமா இன்னும் கேட்டுக்குக் கிளம்பவில்லை. புண் துணியை மாற்றிக்கொண்டிருந்தார். வா மாப்ள என்றார். உட்காரச் சொல்லி, லாரி ஓட ஆரம்பித்துவிட்டது, இன்னைக்கு எண் பெருசா இருக்கும், உங்க சார்கிட்ட சொல்லு என்றார்.

நஷ்டம் ஆன விஷயத்தைக் கலைச்செல்வன் சொன்னான். ஒண்ணும் இல்லீங்க என்றதைத் தவறாக எடுத்துக்கொண்டதையும் சொன்னான். சாமிதுரை முதலில் சிரித்தார். ஒரு லாரியும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னுதானே சொல்ல முடியும், வேற எப்படிச் சொல்றது என்று கேட்டார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டு, போனைக் கேட்க வந்தியா என்றார்.

மூலத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள் என்றான் கலைச்செல்வன். அறிக்கையில் இருந்த சொல்லையே சொன்னான். வேறு சொல் எடுத்தால் அதற்கு அவன் பொறுப்பாக வேண்டியிருக்கும்.

"எனக்குச் சுகர்தான் இருக்கு மாப்ள. மூலம் இல்லியே."

அடுப்படியில் இருந்த அத்தை சிரிக்கவில்லை. கரண்டி சத்தம் நின்றிருந்தது.

சாமிதுரை போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வேட்டி ஓரத்தால் திரையைத் துடைத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்த அறிக்கையில் என் மேல தப்புன்னு எழுதியிருக்கா என்று கேட்டார். யார் மேலயும் தப்பு இல்லைன்னுதான் எழுதியிருக்கு மாமா, அப்படித்தான் எழுதணும் என்றான். யார் மேலயும் தப்பு இல்லைன்னா யாரை நிறுத்துறாங்க என்றார். உன்னை நிறுத்தினாங்களா, அந்தப் பொண்ணை நிறுத்தினாங்களா. இல்லை என்றான்.

"எழுதுனது யாரு?"

"நான்தான்."

"கதை வேணாம், எண் மட்டும் அனுப்புன்னு சொன்னது. அது இருக்கா அதுல?"

"இருக்கு மாமா."

"யார் சொன்னதா இருக்கு?"

கலைச்செல்வன் தரையைப் பார்த்தான். சிமெண்ட் தரை. ஆலையில் உடைந்து தள்ளிய மூட்டையில் போட்டது, போட்ட வருஷமே வெடித்துவிட்டது.

"சொல்லப்பட்டிருந்ததுன்னு இருக்கு."

சாமிதுரை அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். புரியாத ஊரின் பெயரைச் சொல்லிப் பார்ப்பது போல இருந்தது. பிறகு போனை நீட்டினார். சார்ஜரை அத்தை கொண்டுவந்து கொடுத்தாள், வயரைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தாள். சோறு வடித்திருந்தது. சாப்பிட்டுப் போ என்று அந்த வீட்டில் இதுவரை சொல்லாமல் விட்டதில்லை.

வேறு இடத்தில் பார்க்கிறேன் மாமா, லியோகிட்ட கேட்டுப் பார்க்கிறேன் என்று அவன் எழுந்தான். போயிட்டு வரேன் என்றான். சாமிதுரை காலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"போ," என்றாள் அத்தை.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு வந்திருப்பான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. அது மழையில் உப்பிப்போன கதவு, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு, பட்டப்பகலில், உள்ளே சாவி திரும்பியது.